‘நூறு சதவீதம் காட்டன்’ என்று விற்ற கைலி: ஐந்தாவது தண்ணீரிலும் நிற்காத சிவப்பு

போன மாதம் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு கைலி வாங்கினேன். ஒன்று வெள்ளைத் தளத்தில் மெரூன் கட்டம், இரண்டு ஓரத்திலும் ஒன்றரை அங்குல அகலத்தில் பளபளப்பான மெரூன் கரை. இன்னொன்றும் அதே நெசவுதான், மெரூனுக்குப் பதில் நீலம். ஒன்று 620 ரூபாய். "நூறு சதவீதம் காட்டன், கலர் கேரண்டி" என்று கடைக்காரர் சொன்னார். ஒட்டியிருந்த சீட்டிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. கையில் எடுத்தபோது துணி விறைப்பாக, கனமாக இருந்தது. நல்ல நெருக்கமான நெசவு என்று நம்பிவிட்டேன்.

"முதல் தடவை உப்புத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வைங்க, சாயம் நிக்கும்" என்று அவரே சொல்லி அனுப்பினார். ஒரு பிடி கல்லுப்பு போட்டு மெரூன் கைலியை ஊற வைத்தேன். காலையில் வாளித் தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி இருந்தது. வெள்ளைத் தளம் முழுக்க ரோஸ் நிறம். சரி, போக வேண்டிய சாயம் போய்விட்டது என்று நினைத்து, இரண்டு தடவை அலசிக் காயப்போட்டேன். அடுத்த வாரம் அதை அப்பாவின் வேட்டியோடு சேர்த்து நனைத்ததுதான் நான் செய்த பெரிய தவறு. வேட்டியின் பாதி இளஞ்சிவப்பாகிவிட்டது. கல்யாணத்துக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த வேட்டி அது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் பெரியப்பா குடியாத்தம் பக்கம் சாயப்பட்டறையில் 22 வருடம் வேலை பார்த்தவர். இன்னும் நனைக்காத நீலக் கைலியையும் கெட்டுப்போன மெரூனையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அன்று மதியம் அவர் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் கடையிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

முதலில் நீலக் கைலியின் வெட்டிய ஓரத்திலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று, கரையிலிருந்து ஒரு நூல் என மூன்றை உருவினார். பாவு என்பது கைலியின் நீளவாக்கில் ஓடுவது, ஊடை குறுக்கே போவது. கரை துணியின் இரண்டு ஓரத்திலும் நீளமாக ஓடுவதால் அதுவும் பாவு நூல்தான். உருவிய நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல் முழு நீளத்துக்கும் ஒரே நிறமாக இருந்தால், நூலுக்குச் சாயம் போட்டு நெய்தது. கொஞ்ச தூரம் நீலம், கொஞ்ச தூரம் வெள்ளை என்று மாறி மாறி வந்தால், வெள்ளைத் துணியில் கட்டத்தை அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்த துணியின் பின்பக்கம் பெரும்பாலும் வெளுத்தும் இருக்கும். நூலுக்குச் சாயம் போட்ட கட்டத்தில் நீலப் பாவும் வெள்ளை ஊடையும் சந்திக்கும் இடம் பொடிப்பொடியாகக் கலந்த இடைநிறமாகத் தெரியும். என் கைலி இந்தச் சோதனையில் தப்பித்தது. அச்சு இல்லை, நெய்த கட்டம்தான்.

அப்புறம் தீக்குச்சி. மூன்று நூலையும் தனித்தனியாக இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினார். பாவு நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் மாவாகும் சாம்பல் ஆனது. அது பருத்தி. ஊடை நூலும் எரிந்தது, ஆனால் சாம்பலுக்குள் குட்டிக் குட்டியாகக் கெட்டி மணிகள் மிஞ்சின, நசுக்கினால் நசுங்கவில்லை. அது பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூல். கரை நூல் சாம்பலாகவே இல்லை, சுருண்டு உருகிக் கறுப்பு உருண்டையாக நின்றது. முழுப் பாலியஸ்டர். நான் பட்டு மாதிரி என்று ஆசைப்பட்டு வாங்கிய பளபளப்பு அதுதான். ஆக, சீட்டில் போட்டிருந்த நூறு சதவீதம் பொய். (விஸ்கோஸ் நூலும் காகிதம் மாதிரித்தான் எரியும் என்பதால், இந்தச் சோதனை பாலியஸ்டரை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.)

கலப்பு நூல் என்பதே குற்றம் இல்லை. கலப்புக் கைலி சீக்கிரம் காயும், சுருங்குவது குறைவு, விலையும் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் வியர்வையைப் பருத்தி மாதிரி உறிஞ்சாது, அவ்வளவுதான். ஆனால் பருத்தி விலைக்கு அதை விற்பது ஏமாற்று. அதைவிட மோசம், கலப்பு நூலுக்குச் சாயம் போட்ட விதம். பருத்திக்கு ஒரு சாயம், பாலியஸ்டருக்கு வேறு சாயம் வேண்டும். இரண்டையும் போட்டால் செலவு அதிகம். அதனால் சில இடங்களில் பருத்திச் சாயத்தை மட்டும் கெட்டியாகப் போட்டு, பருத்திப் பங்கை அளவுக்கு மீறி ஏற்றிவிடுவார்கள். பாலியஸ்டர் இழை வெளிறியே இருக்கும், நூல் கொஞ்சம் நரைத்த மாதிரி தெரியும். என் கைலியின் ஊடை அப்படித்தான் இருந்தது. பெரியப்பா காட்டியபிறகுதான் கண்ணுக்குப் பட்டது.

மெரூன் கைலியைத் தரையில் விரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கரை அலை அலையாக நெளிந்திருந்தது. பருத்திப் பாவு நனைந்து நீளவாக்கில் சுருங்கிவிட்டது, பக்கத்திலேயே ஓடும் பாலியஸ்டர் கரை சுருங்கவில்லை. எவ்வளவு இஸ்திரி போட்டாலும் இது நேராகாது. கடையில் இருந்த விறைப்பும் கஞ்சிதான். கஞ்சி போனதும் ஜன்னல் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. வாங்கும்போதே ஒரு மூலையை இரண்டு கையால் கசக்கிப் பார்த்திருந்தால் வெள்ளைத் தூள் உதிர்ந்திருக்கும், கசக்கிய இடம் தொளதொளவென்று ஆகியிருக்கும்.

இனி சாயம். பெரியப்பா ஆறு கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்தார். மெரூன் கைலியை ஒரு வாளி பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசி, அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்து வைத்தார். வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து மறுபடி. இப்படி ஐந்து முறை. இரண்டாவது டம்ளருக்கும் ஐந்தாவது டம்ளருக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆறாவது டம்ளரில் ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா குழாய்த் தண்ணீர்.

"தம்பி, இது சாயம் போறது இல்ல. சாயம் பிடிக்கவே இல்ல" என்றார்.

இந்த வித்தியாசம்தான் எல்லோருக்கும் தெரிய வேண்டியது. ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு ரசாயனமாகவே கட்டிக்கொள்ளும். அப்படிக் கட்டிக்கொள்ளாமல் மிஞ்சுகிற சாயத்தைப் பட்டறையிலேயே கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி எடுக்க வேண்டும். அதில் ஓரிரண்டு அலசலைக் குறைத்திருந்தால் வீட்டில் முதல் சில தடவை சாயம் வரும், ஆனால் ஒவ்வொரு டம்ளரும் முந்தியதைவிடத் தெளிந்துகொண்டே போகும். அந்தக் கைலியை நம்பி வைத்துக்கொள்ளலாம். டைரக்ட் சாயம் என்று மலிவான ஒன்று இருக்கிறது. அது இழைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், கட்டிக்கொள்ளாது. பட்டறையிலேயே அதற்கென்று உள்ள பிடிப்பு மருந்து போட்டால் ஓரளவு தாங்கும். போடாவிட்டால் அடர்நிறம் ஒவ்வொரு துவையலிலும் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் எதைச் செய்தும் அதை முழுதாக நிறுத்த முடியாது.

அப்படியானால் உப்பு? இதைக் கேட்டபோது பெரியப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. உப்புக்கு வேலை சாயத் தொட்டியில்தான். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவதற்குத்தான் அங்கே உப்பு போடுகிறார்கள். நான் ராத்திரி முழுக்க உப்பில் ஊற வைத்தபோது, கட்டத்திலிருந்து கரைந்த சாயத்தை அதே உப்பு வெள்ளை நூலுக்குள் தள்ளியிருக்கிறது. வெள்ளைத் தளத்துக்கு நானே சாயம் போட்டிருக்கிறேன். வினிகரும் அப்படித்தான். பட்டு, கம்பளிச் சாயத்துக்கு அமிலம் உதவும், பருத்திக்கு அதனால் பயனில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முதல் துவையல் இதுதான். மூட்டாத கைலியாக வாங்குங்கள், துவைத்த பிறகு மூட்டக் கொடுங்கள். சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடும், தையல் இழுக்காது. வாளி நிறையப் பச்சைத் தண்ணீரில் தனியாகப் போட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் ஊற விடாமல் அலசுங்கள். தண்ணீர் தெளியும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் கரைந்த சாயம் நீர்த்துப்போகும், வெள்ளையில் ஒட்டாது. கடைசியில் கொஞ்சம் சோப்புத்தூள் கரைத்து ஒரு அலசல், மறுபடி பச்சைத் தண்ணீர். பிழிந்து சுருட்டி வைக்கவே கூடாது, ஈரத்தோடு மடிந்து கிடக்கும் நேரத்தில்தான் கட்டத்தின் நிறம் வெள்ளையில் ஏறும். உடனே உதறி, நீளவாக்கில் நடுவில் மடித்து, இரண்டு கரையும் கீழே தொங்கும்படி நிழலில் போடுங்கள். அப்போது கரையில் வடியும் சாயத் தண்ணீர் தரைக்குப் போகும், கைலியின் உடல் பகுதிக்குள் இறங்காது.

வேறு துணியில் சாயம் ஒட்டிவிட்டால் அதைக் காய விடாமல் அப்போதே துவைக்க வேண்டும். அப்பாவின் வேட்டியை நான் காயப்போட்டுவிட்டேன். வெள்ளைப் பருத்தி என்பதால் வெளுப்பு மருந்தில் உடல் பகுதி ஓரளவு வெளுத்தது. ஜரிகைக் கரை பக்கம் மருந்து படக்கூடாது என்று விட்டதால் அங்கே ரோஸ் அப்படியே நிற்கிறது.

கடைக்குத் திரும்பப் போனேன். "அடர் கலர்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். அடர்நிறம் என்பதால் மட்டும் ஐந்தாவது தண்ணீரில் சாயம் வராது. எரித்த நூல்களை மேஜைமேல் வைத்து, சீட்டில் இருக்கும் நூறு சதவீதத்தைக் காட்டி, 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன் என்றபிறகு நீலக் கைலிக்கு மட்டும் பணம் தந்தார்கள். மெரூனை நனைத்துவிட்டேன் என்று எடுக்க மறுத்துவிட்டார்கள். என் பில்லில் வெறும் ‘கைலி 2’ என்றுதான் இருந்தது, அதனால் மேற்கொண்டு பேசுவது கஷ்டமானது. இனி பில்லில் ‘100% பருத்தி’ என்று எழுதித் தரச் சொல்லியே வாங்குவேன். கைத்தறி முத்திரை இருந்தாலும் அது கைத்தறியில் நெய்தது என்பதற்குத்தான் சாட்சி, சாயத்துக்கு அல்ல.

போன வாரம் வேறு கடையில் மூட்டாத கைலி ஒன்று பார்த்தேன். பச்சைக் கட்டம், கரையும் உடலும் ஒரே பருத்தி நூல், பளபளப்பு இல்லை. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, கரையில் அழுத்திப் பத்துத் தடவை தேய்த்தேன். லேசாக மட்டும் பச்சை ஏறியது. கடைக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் டம்ளர் வரிசை வைத்தேன். முதல் டம்ளர் வெளிர் பச்சை, இரண்டாவது கண்டும் காணாததும், மூன்றாவது குழாய்த் தண்ணீர் மாதிரியே இருந்தது. நேற்று மூட்டக் கொடுத்திருக்கிறேன்.