ஷூவுக்குக் கிடைத்தது, வாட்சுக்குக் கிடைக்கவில்லை: இரண்டு வாரண்டி அனுபவங்கள்

எனக்கு நூல் விற்பனை வேலை. ஈரோட்டிலிருந்து கிளம்பினால் பல்லடம், சோமனூர் என்று நாள் முழுக்க நடைதான். போன வருஷம் கோவை கிராஸ்கட் ரோட்டில் 2,800 ரூபாய்க்கு ஒரு தோல் ஷூ வாங்கினேன். பில்லில் 90 நாள் வாரண்டி என்று போட்டிருந்தது. எழுபத்தோராவது நாள் இடது கால் ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது.

கடைப் பையன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இது தேய்மானமுங்க சார், வாரண்டியில வராதுங்க" என்றான். நான் ஷூவைக் கவிழ்த்து வைத்தேன். அடியில் வரிகள் அப்படியே இருந்தன, குதிகால் ஓரம் கூடத் தேயவில்லை. பிரிந்த இடத்தை விரித்துக் காட்டினேன். சோலின் மேல் பசை பளபளவென்று தனிப் படலமாக நின்றது. தோலில் ஒரு நார்கூட அதில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நன்றாகப் பிடித்த பசையைக் கல்லோ படிக்கட்டோ இடித்துப் பிரித்திருந்தால் தோல் பிய்ந்து நார் நாராக வந்திருக்கும், வெளியே கீறலும் இருக்கும். இது ஒட்டும்போதே சரியாகப் பிடிக்காத பசை. மேனேஜர் வந்து பார்த்தார், மறுபேச்சு பேசவில்லை. பன்னிரண்டு நாளில் வேறு ஜோடி வந்தது.

கடைக்குப் போவதற்கு முந்தின நாள் வீட்டில் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டலாமா என்று கை பரபரத்தது. ஒட்டியிருந்தால் அந்தப் பளபளப்புப் படலம், அதாவது என் ஒரே சாட்சி, போயிருக்கும். போட்டோ எடுத்துவிட்டு அப்படியே எடுத்துப் போனதுதான் நல்லதாய்ப் போயிற்று.

வாட்ச் கதை வேறு. இரண்டு வருஷ வாரண்டி, பின்மூடியில் 30 மீட்டர் என்று எழுத்து. அதை நம்பி கொடிவேரி அணையில் கொட்டுகிற தண்ணீருக்கடியில் கட்டிக்கொண்டே குளித்தேன். மறுநாள் கண்ணாடிக்குள் ஆவி. 30 மீட்டர் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தத்தில் செய்யும் சோதனைக் கணக்காம். கை கழுவும்போது தெறித்தால் தாங்கும், குளியலுக்கு ஆகாது.

சர்வீஸ் சென்டரில் என் முன்னாலேயே மூடியைத் திறந்தார்கள். முள் திருப்பும் திருகின் தண்டில் செந்துரு. "திருகு சரியா அமுங்காம இருந்திருக்குதுங்கண்ணா, தண்ணி அந்த வழியா போயிருக்கு" என்றார் மெக்கானிக். வாரண்டி அட்டையைப் படித்தேன். உள்ளே இருக்கும் மிஷினில் தயாரிப்புக் குறை என்றால் மட்டும்தான் அவர்கள் பொறுப்பு. பேட்டரி, பட்டை, கண்ணாடி எதுவும் சேராது. தண்ணீரே படாமல் ஆவி படிந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தப்பு என்னுடையது, 950 ரூபாய் கட்டிவிட்டு வந்தேன்.

மாற்றி வாங்கிய ஷூவுக்கு இப்போது பதினான்கு மாதம். இரண்டு குதிகாலும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருக்கிறது, என் நடை அப்படி. அதற்குப் பில்லைத் தேடவில்லை. பஸ் ஸ்டாண்டு ஓரம் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் 120 ரூபாய்க்கு ரப்பர் அடித்துக்கொண்டேன்.