மூன்று வருட ஜா கப்ளிங்: ரப்பர் மாற்ற மோட்டாரை நகர்த்திய கதை

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: “புது மிக்சருக்கு மோட்டாரையும் கியர்பாக்ஸையும் சேர்க்கணும். ஷாஃப்ட்ல கீ போதுமா, ஸ்ப்லைன் கேட்டு வாங்கட்டுமா? கப்ளிங் நீங்க போட்டிருக்கிறதையே போட்டுடலாமா?” கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் “வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, மூன்று வருடத்தில் அந்தக் கப்ளிங் ஒரு தடவைகூட உடைந்ததில்லை.

என்னுடையது 7.5 கிலோவாட், 1450 சுற்று மோட்டார். ஷாஃப்ட் 38 மி.மீ. கியர்பாக்ஸ் பக்கம் 35 மி.மீ. இரண்டிலும் 10×8 கீ, அதாவது ஷாஃப்டையும் அதன்மேல் ஏறும் ஹப்பையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் இரும்புக் கட்டை. நடுவில் இரண்டு ஷாஃப்டையும் இணைக்கும் சாதாரண ஜா கப்ளிங்: ஒவ்வொரு ஷாஃப்டிலும் பல் வைத்த ஒரு ஹப், அவற்றுக்கு நடுவே நட்சத்திர வடிவப் பாலியூரித்தேன் ஸ்பைடர். கலக்கும்போது ஒரு பக்கம் சுற்றும், கொட்டும்போது திருப்பிச் சுற்றும். நாளைக்கு முப்பது தடவையாவது திசை மாறும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சத்தமில்லை, கிரீஸ் கேட்பதில்லை, ஒருமுறை மிக்சர் முழுக்க இறுகி நின்றபோதும் ஸ்பைடர்தான் பிய்ந்தது, கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்பைடர் முழுக்கப் போனாலும் இரண்டு பக்கத்துப் பற்களும் ஒன்றோடொன்று முட்டி, வேலை முடியும்வரை இழுத்துக்கொண்டு போகும்.

எரிச்சல் எங்கே என்றால், அந்த ஸ்பைடரை மாற்றுவதில். அது இரண்டு ஹப்பின் பற்களுக்கு இடையே சிக்கி உட்கார்ந்திருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் ஒரு ஹப்பை ஷாஃப்டிலேயே பின்னால் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் மோட்டாரையே நகர்த்த வேண்டும். ஹப்பை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஹப் வழுக்கிக்கொண்டு பின்னால் போகும் என்று வாங்கும்போது சொன்னார்கள். முதல் தடவை மாற்றியபோது கியர்பாக்ஸ் பக்க ஹப் அசையவே இல்லை. சரி என்று மோட்டாரின் நான்கு போல்ட்டையும் கழற்றி நகர்த்தினோம். மறுபடி உட்கார வைத்து, இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று ஹப்புகளின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டினோம். நான்கு மாதத்தில் அடுத்த ஸ்பைடர் தேய்ந்தது. அதற்கும் அதே கதை. மலிவான ஒரு ரப்பர் துண்டுக்காக ஒவ்வொரு முறையும் அரை நாள் அலைன்மென்ட். என் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன்.

கப்ளிங்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றியபோது கீழே இரண்டு விதத் தூள் கிடந்தது. அதைக் கவனிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. மஞ்சள் தூள் ஸ்பைடருடையது. அலைன்மென்ட் சரியில்லாமல், ஒவ்வொரு சுற்றிலும் பல் உரசி உரசித் தேய்ந்தது. இன்னொன்று கியர்பாக்ஸ் பக்க ஹப்பின் விளிம்பில் கசிந்திருந்த செம்பழுப்புத் தூள், குங்குமம் மாதிரி மிருதுவாக இருந்தது. தண்ணீர் படாத இடத்தில் அப்படித் துரு வந்தால், ஹப் ஷாஃப்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஆடி உரசுகிறது என்று அர்த்தம். அந்தத் தூளே இடுக்கில் இறுகி, ஹப்பைப் பசை போட்டது போலப் பிடித்துக்கொள்கிறது. ஹப் நகராததற்குக் காரணம் அதுதான்.

புல்லர் போட்டு இழுத்து அளந்து பார்த்தோம். ஷாஃப்ட் 35.01, ஹப்பின் துளை, அதாவது போர், 35.06. துளைக்கு வழக்கமாகக் கேட்கும் எச்7 அளவுக்குக் குடைந்திருந்தால் 35.025-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. லேத்தில் குடைந்து கொடுத்தவர் சுலபமாக ஏறட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. அதைவிடக் கொடுமை, கீ ஆடுகிறது என்று எங்கள் ஃபிட்டர் அதன் தலைமேல் ஒரு தகடு வைத்திருந்தார். இந்த வகைக் கீ பக்கவாட்டில்தான் இறுக்கமாக உட்கார வேண்டும். ஷாஃப்டில் 5, ஹப்பில் 3.3 ஆழம் என்றால், 8 மி.மீ. கீக்கு மேலே 0.3 காலி இடம் இருக்கும்படியே அளவு வைத்திருக்கிறார்கள். அங்கே தகட்டைத் திணித்தால் ஹப் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, மையம் விலகிச் சுற்றும். மையம் விலகிய ஹப்பின் மேல் ஸ்கேல் வைத்தால் அது எதைக் காட்டும்? நிறுத்திய இடத்தைப் பொறுத்து ஒரு கதை சொல்லும். நாங்கள் ஒவ்வொரு முறையும் அந்தக் கதையை நம்பித்தான் மோட்டாரை உட்கார வைத்திருந்தோம்.

கீ பலம் போதவில்லையோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. கணக்குப் போட்டால் 9550 × 7.5 ÷ 1450, கிட்டத்தட்ட 49 நியூட்டன் மீட்டர். 35 மி.மீ. ஷாஃப்டின் விளிம்பில் அது சுமார் 2800 நியூட்டன். 50 மி.மீ. நீளக் கீ ஹப்பைத் தொடும் உயரம் 3 மி.மீ. என்று வைத்தால், சதுர மி.மீ.க்கு 19 நியூட்டன்தான். ஸ்டார்ட்டில் மூன்று மடங்கு வந்தாலும் கீ தாங்கும். ஆனால் பக்கவாட்டில் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு திசை மாற்றத்திலும் அதே கீ சுத்தியலாகிவிடுகிறது. கீ உட்காரும் பள்ளமான எங்கள் கீவேயின் ஓரம் உருண்டு போயிருந்தது.

புது ஹப் வாங்கி, போர் 35.01 வரும்படி குடைந்து, புதுக் கீயைச் செம்புச் சுத்தியலால் தட்டி ஏற்றினோம். போரில் மெல்லிசாகத் துருத் தடுப்புப் பேஸ்ட் தடவினோம். அலைன்மென்டுக்கு இந்த முறை டயல் கேஜ். இரண்டு ஷாஃப்டையும் சேர்த்தே சுற்றிப் படிக்க வேண்டும், அப்போது ஹப் கொஞ்சம் மையம் விலகியிருந்தாலும் அளவைக் கெடுக்காது. மேலிருந்து கீழே வர முள் 0.44 நகர்ந்தது. அதில் பாதி, அதாவது 0.22, மைய விலகல். கேட்டலாக்கில் இந்த அளவுக் கப்ளிங்குக்கு 0.3 வரை பரவாயில்லை என்று இருக்கிறது. கோணத்தில் விலகலே இல்லாவிட்டால்தான் அந்த 0.3 என்பது அடுத்த வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மோட்டார் காலுக்கு அடியில் ஷிம் தகடு வைத்து 0.04-க்குக் கொண்டுவந்தோம்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம். மஞ்சள் தூள் இல்லை, சிவப்புத் தூளும் இல்லை. ஆக, தப்பு கப்ளிங்குடையது இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஷாஃப்டைச் சுற்றிலும் பற்கள் வெட்டிய ஸ்ப்லைன் பற்றி நண்பருக்குச் சொன்னது: மோட்டார் ஃபிளாஞ்சோடு கியர்பாக்ஸிலேயே நேராக மாட்டும் வகை என்றால் வாங்கலாம். அங்கே ஃபிளாஞ்சின் வளையமே மையத்தைப் பிடித்துக்கொள்ளும். விசை பல பற்களுக்குப் பிரிவதால் திசை மாறும் வேலைக்கும் நல்லது. மோட்டார் தனியாகக் காலில் நின்றால் அதில் போகாதீர்கள். ஸ்ப்லைன் நீளவாக்கில் நகர இடம் கொடுக்கும், சாய்வுக்கு இடம் கொடுக்காது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரத்துப் பற்கள் மட்டுமே சுமக்கும், அதே செம்பழுப்புத் தூள் அங்கேயும் வரும்.

கப்ளிங்குக்குப் பதில் இன்னும் “வேண்டாம்”தான். நடுத்துண்டு தனியாகக் கழன்று வரும் வகையைப் பார்க்கச் சொன்னேன். விலை கூடத்தான், இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவே இடமும் அதிகம் கேட்கும். ஸ்பைடரை மாற்ற மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. “உங்களது இப்ப நல்லாத்தானே ஓடுது?” என்றார். ஓடுகிறது. அடுத்த தேய்மானத்துக்கென்று வாங்கிய இரண்டு ஸ்பைடர் பிரிக்காமல் டிராயரில் கிடக்கின்றன. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அந்த நான்கு போல்ட்தான் ஞாபகத்துக்கு வருகிறது.