ஆர்.டி.யை இடையில் முடித்தால் எவ்வளவு குறையும்? காரைக்குடியிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

காரைக்குடியில் உள்ள ஒரு வங்கிக் கிளையில் பல ஆண்டுகளாகத் தொடர் வைப்புக் கணக்குகளை, எல்லோரும் ஆர்.டி. என்று சொல்பவற்றை, நடத்தி வருகிறேன். முதிர்வு வரை ஓடிய கணக்குகளைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. தேதி வந்ததும் தொகை சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்துவிடும். இடையில் முடித்த கணக்குகளும், மாதத் தவணையை வங்கியே தானாகப் பிடித்துச் செலுத்த அவற்றோடு ஓடிய ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் என்ற நிலைக் கட்டளையும்தான் எழுதத் தகுந்த விஷயங்கள்.

முன்கூட்டி முடித்தால் ஒரு சதவீதம் பிடிப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். கட்டிய பணத்தில் ஒரு சதவீதம் என்று எண்ணிக்கொள்பவர்கள்தான் அதிகம். உண்மையில் வங்கி குறைப்பது வட்டி விகிதத்தை. கட்டிய அசலில் கை வைப்பதில்லை. என் வங்கியின் விதி இரண்டு படிகளாக வேலை செய்கிறது. கணக்குத் தொடங்கிய அன்று, அது உண்மையில் ஓடிய காலத்துக்கு என்ன வட்டி அறிவிக்கப்பட்டிருந்தது என்று முதலில் பார்க்கிறார்கள். அதையும் ஒப்புக்கொண்ட வட்டியையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதிலிருந்து அபராத விகிதத்தைக் கழிக்கிறார்கள். அபராதம் சில வங்கிகளில் அரை சதவீதம், சிலவற்றில் ஒரு சதவீதம்; தொகையைப் பொறுத்து மாறும் வங்கிகளும் உண்டு. அபராத விகிதத்தை வைப்பைப் பெறும்போதே தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. ஆகவே கணக்குத் தொடங்கும் நாளிலேயே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்வது வாடிக்கையாளரின் உரிமை.

"எது குறைவோ அது" என்ற சொற்களைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது. மாதம் 5,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டுக்கு 6.5 சதவீத வட்டியில் தொடங்கிய ஒரு கணக்கை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக 24 தவணைகள் முடிந்த நிலையில் முடித்தேன். தொடங்கிய அன்று இரண்டாண்டு வைப்புக்கு அறிவிக்கப்பட்டிருந்த வட்டியோ 7 சதவீதம். குறுகிய காலத்துக்கு நீண்ட காலத்தைவிட அதிக வட்டி தரும் பருவங்கள் அவ்வப்போது வருவதுண்டு. இரண்டாண்டு ஓடிய கணக்குக்கு 7 சதவீதத்தில் கழித்து 6 கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் விதிப்படி 6.5 சதவீதமே குறைவானது என்பதால், அதில் ஒன்று போக 5.5 சதவீதம்தான் கிடைத்தது.

கிடைத்த தொகை சரிதானா என்று பார்க்க, வீட்டுப் பெரியவர்கள் வட்டி போட்ட வழியே போதும். முதல் தவணை 24 மாதம் வங்கியில் இருந்தது, இரண்டாவது 23 மாதம், இப்படிக் கடைசித் தவணை ஒரு மாதம். இவற்றைக் கூட்டினால் 300. அதை 5,000 ரூபாயால் பெருக்கினால், பதினைந்து லட்சம் ரூபாய் ஒரே ஒரு மாதம் இருந்ததற்குச் சமம். அதற்கு 5.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டி 6,875 ரூபாய். வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலில் சேர்ப்பதால் இன்னும் ஓர் இருநூறு ரூபாய் கூடி, ஏறத்தாழ 7,090 வரும். அபராதம் இல்லாமல் 6.5 சதவீதமே கொடுத்திருந்தால் சுமார் 8,425 வந்திருக்கும். ஆக இழப்பு 1,335 ரூபாய் அளவில்தான். அவசரத் தேவைக்கு வெளியே கடன் வாங்குவதை நினைத்தால் இது பெரிய தொகையல்ல என்பதே என் கருத்து.

ஆனால் அதே ஒரு சதவீதம் கணக்கு முதிர முதிரக் கனக்கிறது, ஏனென்றால் அது கடந்த மாதங்கள் அனைத்தின் வட்டியையும் பின்னோக்கிச் சென்று குறைக்கிறது. இதே கணக்கை 54ஆம் தவணைக்குப் பிறகு முடித்தால், மேலே சொன்ன முறைப்படி இழப்பு 6,000 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தக் கட்டத்தில் முடிப்பதைவிட ஆர்.டி.யின் பேரில் கடன் கேட்பதே மேல். இருப்பில் 90 சதவீதம் வரை, ஆர்.டி. வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக வைத்துப் பல வங்கிகள் கடன் தருகின்றன. இரண்டு லட்சத்தை ஆறு மாதத்துக்கு 7.5 சதவீதத்தில் எடுத்தால் வட்டி 7,500 ரூபாய். அதே இரண்டு லட்சம் ஆர்.டி.யில் 6.5 சதவீதத்தில் 6,500 ஈட்டிக்கொண்டிருப்பதால், கையை விட்டுப் போவது ஆயிரம் ரூபாய்தான். மாதத் தவணையை மட்டும் விடாமல் கட்டி வர வேண்டும்.

அஞ்சலக ஆர்.டி.யும் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: ஐந்தாண்டுக் கணக்கை மூன்றாண்டு நிறைவதற்கு முன் முடிக்கவே முடியாது. அதன்பின் முடித்தாலும், முதிர்வுக்கு ஒரு நாள் முன்னதாக இருந்தாலும், அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான். இடையில் எடுக்க நேரிடும் என்று தோன்றும் பணத்தை நான் அங்கே போடுவதில்லை.

அடுத்தது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன். உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து உங்கள் பெயரிலேயே உள்ள ஆர்.டி.க்குத் தவணை போகிறது என்றால், கணக்கை முடிக்கும்போது அந்தக் கட்டளையும் பெரும்பாலும் சேர்ந்தே அடங்கிவிடும். பிறர் பெயரில் உள்ள கணக்குக்குத் தனிக் கடிதம் கொடுத்துப் பதிந்த கட்டளை அப்படி அடங்குவதில்லை. தேவகோட்டையில் எங்கள் ஆச்சி பெயரில் இருந்த ஆர்.டி.க்கு என் கணக்கிலிருந்துதான் பணம் போய்க்கொண்டிருந்தது. முடிக்கச் சென்ற அன்று கவுன்ட்டரில் இருந்த பெண் அலுவலர், "வட்டி குறையும் ஆச்சி, பரவாயில்லையா?" என்று கேட்டார். "குறையட்டும் ஆத்தா, மருந்துக்கு வேணுமில்ல" என்றார் ஆச்சி. ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பின் மீது கையெழுத்திட்டதும் பணம் அவர் சேமிப்புக் கணக்குக்குப் போயிற்று. என் கணக்கிலிருந்த கட்டளையை நிறுத்தும் கடிதத்தையும் அன்றே என் கிளையில் கொடுத்தேன். அது கணினியில் ஏறவில்லை. அடுத்த தவணைத் தேதியில் என் கணக்கில் போதிய இருப்பு இல்லாததால், கட்டளை நிறைவேறாத கட்டணமாக நூறு ரூபாயும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 118 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கடித நகலில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கி வைத்திருந்ததால், அதைக் காட்டியவுடன் அந்தத் தொகை திரும்ப வரவு வைக்கப்பட்டது. முத்திரை இல்லாதிருந்தால் வாய்ப்பேச்சாகவே போயிருக்கும்.

கட்டளையை முதலில் நிறுத்துவதா, கணக்கை முதலில் முடிப்பதா என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கட்டளையை நிறுத்திவிட்டுக் கணக்கை அடுத்த மாதம் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், இடையில் விடுபட்ட தவணைக்குத் தாமதக் கட்டணம் ஏறும். நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் என்று வைக்கும் வங்கியில் 5,000 ரூபாய்த் தவணைக்கு அது 75 ரூபாய். எனவே அந்த மாதத் தவணை பிடிக்கப்பட்ட பிறகு, அடுத்த தேதிக்குச் சில வேலை நாட்கள் மிச்சமிருக்கும்போது, இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் கொடுப்பதுதான் என் வழக்கம்.

பாஸ்புக்கில் இறுதித் தொகை மட்டும் ஒரே வரியாக அச்சாகும்; எந்த வட்டி போட்டார்கள், எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில் தெரியாது. கணக்கு முடித்த விவரத்தை, அதாவது ஒப்புக்கொண்ட வட்டி, கொடுத்த வட்டி, அபராதம், வரிப் பிடித்தம் நான்கும் தனித்தனியாக உள்ள அச்சுப் பிரதியை, அங்கேயே கேட்டு வாங்குகிறேன். கேட்டால் தருகிறார்கள், கேட்காமல் இதுவரை யாரும் தந்ததில்லை. அதில் உள்ள விகிதம் தொடங்கிய நாளின் வட்டிப் பட்டியலோடு ஒத்துவராவிட்டால் கிளைக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் பதியலாம். அங்கேயும் முதலில் கேட்கப்படுவது கிளைக்குக் கொடுத்த அந்தப் புகாரின் நகல்தான்.