அலகிடுதல்: காதை நம்புவதா, எழுத்தை எண்ணுவதா?

குறளை அலகிட்டு வாய்பாடு தரச் சொன்னால் மாணவர்கள் இரண்டு வழிகளில் போவார்கள். சீரை வாய்விட்டுச் சொல்லி, அதே ஓசையுள்ள வாய்பாட்டைப் பொருத்துவது ஒன்று. எழுத்து எழுத்தாகப் பார்த்து நேர், நிரை என அசை பிரித்த பிறகே வாய்பாட்டுக்கு வருவது மற்றொன்று. எடுத்துக்காட்டாக முதல் குறளையே பார்ப்போம்.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

ஓசை வழி வேகமானது. 'பகவன்', 'முதற்றே' இரண்டும் 'புளிமா' போலவே ஒலிப்பதால் உடனே பிடிபட்டுவிடும். 'எழுத்தெல்லாம்' வரும்போதுதான் காது ஏமாற்றும். எழுத்–தெல்லாம் என்று இரண்டு துண்டாகக் கேட்டு அதையும் புளிமா என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் எழுத்/தெல்/லாம் என மூன்று அசை; நிரை நேர் நேர், புளிமாங்காய்.

எழுத்து வழியில் இந்தப் பிழை வராது. குறிலைக் கண்டால் அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். ஒற்று வந்தால் அதோடு சேர்ந்து நேர். உயிரோ உயிர்மெய்யோ வந்தால் இரண்டும் இணைந்து நிரை, பின்னால் ஒற்று இருந்தால் அதுவும் அதனுடனே. சீரின் கடைசியில் தனித்து மிஞ்சும் குறில் நேர். நெடில் முதலில் நின்றால் அடுத்த உயிர்மெய்யைச் சேர்க்காது, அதனால் 'ஆதி' ஆ/தி, தேமா. இங்கே நடக்கும் தவறு வேறு: அவசரத்தில் 'அகர' என்பதை அ/கர என வெட்டி, நேர் நிரை, கூவிளம் என்பார்கள். அக/ர என்பதே சரி, புளிமா.

இரு வழிப் பிழைகளையும், ஒரு சீரின் ஈற்றசை அடுத்த சீரின் முதலசையோடு பொருந்தும் முறையான தளை காட்டிக்கொடுக்கும். வெண்பாவில் மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் மட்டுமே வரும். 'எழுத்தெல்லாம்' புளிமா என்றால் அடுத்து 'ஆ' நேராக வருகிறது. மாமுன் நேர், தளை தட்டுகிறது. 'அகர' கூவிளம் என்றால் அடுத்து 'முத' நிரையாக வருகிறது, அதுவும் தட்டுகிறது. ஆனால் 'முதல' என்பதையும் மு/தல என்று அதே தவறோடு வெட்டினால் விளமுன் நேர் ஆகி, அந்த இடத்தில் தளை பொருந்திவிடும்! அதே தவறைத் தொடர்ந்தால் 'எழுத்தெல்லாம்' எ/ழுத்/தெல்/லாம் என நான்கு அசையாகும். நாலசைச்சீர் வெண்பாவில் வராது என்பதே பிழையைச் சொல்லிவிடும்.

ஈற்றுச்சீரில் இரண்டு வழியுமே தனியாகப் போதாது. 'உலகு' நிரை நேர் போலத் தெரிவதால் புளிமா என்றே கை எழுதும். வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாகத்தான் முடியும். 'உலகு' குற்றியலுகரத்தில் முடிகிறது; அசை நிரைபு, வாய்பாடு பிறப்பு.

ஆகவே எங்கள் தேர்வு எழுத்து வழிதான். ஏழு சீரையும் அசை பிரித்து முடித்தபின் ஓசையோடு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காதுக்கு உறுத்தும் சீரில் மட்டும் தளையைச் சரிபார்த்தால் நேரமும் மிச்சமாகும்.