கோல்டு ஸ்டோரேஜ் வெப்பநிலை ரிப்போர்ட்: ‘எல்லைக்கு வெளியே 5 மணி நேரம்’ என்றால் என்ன அர்த்தம்?

குளச்சல் பக்கம் எங்கள் கோல்டு ஸ்டோரேஜில் மூன்று அறைகள். முதல் அறையில் உறைய வைத்த மீன்; மைனஸ் 18 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. இரண்டாவதில் ஐஸ் போட்ட பச்சை மீன், 0 முதல் 4 டிகிரி. மூன்றாவது அறைக்கு வாசலே தனி. அதில் ஏத்தனும் செவ்வாழையும், 13 முதல் 15 டிகிரி. ஒவ்வொரு அறையிலும் உள்ள சென்சார் 15 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைப் பதிவு செய்யும். தினமும் காலையில், அறை வாரியாக எத்தனை மணி நேரம் எல்லைக்கு வெளியே போனது என்று ஒரு ரிப்போர்ட் வரும். சில வருடங்களாக இதை வைத்துத்தான் வேலை ஓடுகிறது. நல்ல கருவி, விட மாட்டேன். ஆனால் அதில் வரும் அந்த ஒற்றை எண்ணை அப்படியே நம்பினால் சரக்கு போய்விடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள் ரிப்போர்ட்டில் முதல் அறைக்கும் மூன்றாவது அறைக்கும் ஒரே எண்: 5 மணி நேரம். இரண்டுக்கும் சிவப்புக் கட்டம்.

மீன் அறையின் 5 மணி நேரத்தைப் பிரித்துப் பார்த்தால், அதில் 3 மணி நேரம் டிஃப்ராஸ்ட். கூலிங் காயிலில் படியும் பனியைக் கரைக்க ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஹீட்டர் ஓடும். ஒவ்வொரு முறையும் மூன்று பதிவுகள் மைனஸ் 18-க்கு மேலே விழுகின்றன. ஒரு பதிவுக்கு 15 நிமிடம் என்று கணக்கு. நான்கு டிஃப்ராஸ்ட்டுக்கு 3 மணி நேரம். மீதி 2 மணி நேரம், சாயங்காலம் கதவைத் திறந்து சரக்கு ஏற்றிய நேரம். உறைந்து கட்டியாகக் கிடக்கும் மீனின் உட்பகுதி இவ்வளவு நேரத்தில் பெரிதாக அசையாது. சென்சார் அளப்பது காற்றை, மீனை அல்ல. இதை உறுதி செய்ய அதே அறையில், மீனைப் போலவே மெதுவாகச் சூடேறும் கிளைகால் கரைசல் நிரப்பிய பாட்டிலுக்குள் இன்னொரு சென்சார் வைத்திருக்கிறோம். காற்று மைனஸ் 11 வரை ஏறிய போதும் பாட்டில் மைனஸ் 17-ஐத் தாண்டவில்லை.

வாழை அறையின் 5 மணி நேரம் வேறு கதை. வாழைக்குச் சூட்டைப் போலவே குளிரும் ஆபத்து. 13 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் காய்க்குக் குளிர்ப் பாதிப்பு வந்துவிடும். அன்றைக்கே தெரியாது. நகத்தால் தோலை லேசாகச் சீவினால் உள்ளே பழுப்பு நரம்புகள் தெரியும். பழுக்க வைக்கும்போது மஞ்சள் ஏறாமல் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும். ஒரு இரவோடு நின்றால் தப்பிக்கலாம். அடுத்தடுத்த இரவுகளில் நடந்தால் பாதிப்பு ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். எங்களிடம் காய் வைத்திருந்த வியாபாரி வடசேரி சந்தையிலிருந்து கூப்பிட்டார். “அண்ணாச்சி, ஒரு லோடு முழுக்க நிறமே வரல்லியே, ரூமுல என்னமும் கோளாறா?” என்றார்.

ஒரே தடவையாக 4 மணி நேரத்துக்கு மேல் எல்லைக்கு வெளியே இருந்தால் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும் என்றுதான் மென்பொருளில் அமைத்திருந்தது. வரவில்லை. காரணம் நள்ளிரவு. அறை இரவு 10.45-க்கு 13-க்குக் கீழே இறங்கி, விடிகாலை 3.45-க்கு ஆட்கள் லோடு ஏற்றக் கதவைத் திறக்கும்போதுதான் மேலே வந்திருக்கிறது. உண்மையில் ஒரே நீட்டம், 5 மணி நேரம். ரிப்போர்ட்டோ 12 மணிக்கு நாளை வெட்டிவிடுகிறது: முந்தைய நாளில் 1 மணி 15 நிமிடம், அடுத்த நாளில் 3 மணி 45 நிமிடம். இரண்டும் 4-க்குள். அடுத்தடுத்த இரவுகளிலும் இப்படியே நடந்ததால், ஒரே நாளின் விடிகாலைத் துண்டும் இரவுத் துண்டும் சேர்ந்துதான் ரிப்போர்ட்டில் 5 மணி நேரம் என்று வந்தது. இப்போது நாள் கணக்கைப் பகல் 12 முதல் மறுநாள் பகல் 12 வரை என்று மாற்றி வாங்கிவிட்டோம். எங்கள் வாழை அறையில் கோளாறு பெரும்பாலும் ராத்திரியில்தான் வருகிறது, அதனால் இந்த வெட்டு நமக்குச் சரி. பகலில் கதவு திறந்து மூடுவதும் காயின் சூடும் குளிரை ஈடுகட்டிக்கொள்ளும்.

கோளாறு எங்கே என்று காட்டியது கிராஃப்தான். டிஃப்ராஸ்ட் என்றால் ஒரே இடைவெளியில் ஒரே உயரத்தில் பல் பல்லாக வரும். கதவு திறந்தால் சட்டென்று ஏறி, மூடியதும் இறங்கும். இதுவோ இரவு 8 மணிக்குக் கதவு மூடியதிலிருந்து எங்கும் நிற்காமல் கோடு போட்டது போலச் சரிந்துகொண்டே போயிற்று. அறைக்குப் போதுமான குளிர் வந்த பிறகும் குளிர்வாயு காயிலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது என்று மெக்கானிக் பார்த்ததுமே சொன்னார். சொலினாய்டு வால்வைக் கழற்றினால் சீட்டில் துளி அழுக்கு. முழுசாக மூடாமல் கசிந்திருக்கிறது. வால்வை மாற்றிய அன்று இரவு கோடு 13.5-ல் நின்றது.

மீன் அறைக்கு இன்னொரு மாற்றமும் செய்தோம். 45 நிமிடத்துக்குள் திரும்பி வந்துவிட்டால் கணக்கில் சேர்க்காதே என்று தாமதம் வைத்தோம். டிஃப்ராஸ்ட் எல்லாம் ரிப்போர்ட்டை விட்டு மறைந்தது. ஆனால் 45 நிமிடத்தைத் தாண்டிய நீட்டத்தை முதல் நிமிடத்திலிருந்து எண்ணுகிறதா, தாண்டிய பிறகுதான் எண்ணுகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். எங்களுடையது முதலில் தாண்டிய பிறகுதான் எண்ணியது. 2 மணி நேரக் கதவுத் திறப்பை 1 மணி 15 நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்தது. கேட்ட பிறகு சரி செய்து கொடுத்தார்கள்.

எனக்கு இன்னும் தீராத குறை, பதிவே இல்லாத நேரம். கரண்ட் போனால் கம்ப்ரசரும் நிற்கும், ரவுட்டரும் நிற்கும். அறை சூடாகிற அந்த நேரத்தில்தான் பதிவு வராமல் போகிறது. ரிப்போர்ட் அதை 0 என்று காட்டுகிறது, கட்டமும் பச்சை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை யாரும் மறக்க முடியாது. அப்படி ஒரு வாரம் வந்தால் இந்த ரிப்போர்ட் எல்லாம் நலம் என்று சொல்லும். பதிவில்லாத நேரத்தைத் தனி நிறத்தில் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அதுவரை ஒரு நாள் பதிவை எக்செல்லில் இறக்கி நாங்களே பார்க்கிறோம். 24 மணி நேரத்துக்கு 96 பதிவு வர வேண்டும். வெப்பநிலை C வரிசையில் இருந்தால்:

```
=COUNTIF(C2:C97,">-18")*15/60
=(96-COUNT(C2:C97))*15/60
```

முதல் வரி எல்லைக்கு மேலே போன மணி நேரம், இரண்டாவது பதிவே இல்லாத மணி நேரம். வாழை அறைக்கு முதல் வரியில் `"<13"` ஒரு தடவை, `">15"` ஒரு தடவை என்று தனித்தனியாகப் போட வேண்டும். கீழே போனதும் மேலே போனதும் ஒரே கூட்டலில் கலந்தால் என்ன நடந்தது என்றே புரியாது.

இரண்டாவது வரியில் 1 மணி நேரத்துக்கு மேல் வந்தால் ஜெனரேட்டர் எந்த நேரத்துக்கு எடுத்தது என்று ஆபரேட்டரின் நோட்டைப் பார்ப்போம். நோட்டிலும் பதில் இல்லையென்றால் மீன் அறையில் நான்கு மூலையிலிருந்தும் பெட்டி எடுத்து, மீனுக்குள் ஊசித் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்த பிறகுதான் லோடு வெளியே போகும்.