கடலெண்ணெயில் பாமாயில் என்று பொய் ரிப்போர்ட்: 43,000 ரூபாய் போச்சு, செக்கு வைத்திருப்பவர்கள் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வெளியே வந்தேன். இன்னும் கை நடுங்குகிறது. கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனம் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு மரச்செக்கு வைத்திருக்கிறோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைதான் எங்கள் ஊர்ப் பயிர். காயை வாங்கி உடைத்து, சொத்தை பொறுக்கி, ஆட்டி, வெயிலில் தெளியவைத்துத்தான் டின்னில் பிடிப்போம். போன மாதம் ஒரு ஸ்வீட் கடைக்காரர் 30 டின் கேட்டார். டின்னுக்கு 15 கிலோ, கிலோ 250 ரூபாய். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ரிப்போர்ட் ஒண்ணு வச்சிடும்மா. அயோடின் வேல்யூ மட்டும் போதும், எங்க ஆளு அதைத்தான் பாப்பாரு."

அயோடின் வேல்யூ என்பது 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை உறிஞ்சும் என்கிற எண். எண்ணெய்க்கு எண்ணெய் அது மாறும், அதனால் கலப்படம் பார்க்க அதைக் கேட்பார்கள். நான் கெமிஸ்ட்ரி படித்தவள். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே சோதனையைக் கல்லூரியில் செய்திருக்கிறேன். அதனால் பயமே இல்லை. கடலெண்ணெய்க்கு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 85 முதல் 99 வரை இருக்க வேண்டும். நம்முடையது சுத்தமான எண்ணெய், 90க்கு மேல் வரும், வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று டின்களை லாரியில் ஏற்றிவிட்டு, ரிப்போர்ட் பின்னாலேயே வரும் என்று சொல்லிவிட்டேன். அது என் முட்டாள்தனம்.

கூடத்துக்குள் போனால் ஏசி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள். சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ். பாட்டிலை வாங்கி, சீல் வைத்து, எண் ஒட்டி, வரியோடு சேர்த்து 2,950 ரூபாய்க்கு ரசீது கொடுத்தார்கள். அந்த எண்ணை ஒட்டிய நேர்த்தியைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். ஸ்டிக்கர் கோணாமல் ஒட்டுகிறவர்கள் எடையையும் கோணாமல் போடுவார்கள் என்று நினைத்தேன்.

நாலாவது நாள் ரிப்போர்ட் வந்தது. அயோடின் வேல்யூ 73.8.

ஸ்வீட் கடையின் ஆள் கணக்குப் போட்டுக் காட்டினார். பாமாயிலுக்கு 58 போல வரும், கடலெண்ணெய்க்கு 92 போல வரும், 73.8 என்றால் பாதிக்குமேல் பாமாயில். அவர் கணக்கில் தப்பில்லை. ரிப்போர்ட் சரி என்றால் அந்தக் கணக்கும் சரிதான். கடைக்காரர் திட்டக்கூட இல்லை. "உன்னை நம்பினேம்மா" என்று மட்டும் சொன்னார். 30 டின்னும் திரும்பி வந்தது. லாரி வாடகை 1,800. பேச்சு பரவிவிட்டதால் வேறு வழியில்லாமல் ஒரு மொத்த வியாபாரியிடம் கிலோ 165க்குத் தள்ளினோம். கிலோவுக்கு 85 ரூபாய் நஷ்டம், 450 கிலோ. எல்லாம் சேர்த்து 43,000 ரூபாய்.

அந்த எண்ணெயை ஆட்டியது நான். பாமாயில் என் செக்குப் பக்கமே வந்ததில்லை. பின்னே 73.8 எங்கிருந்து வந்தது?

கூடத்துக்குப் போன் போட்டேன். "ரிப்போர்ட் சிஸ்டத்துல ஏறிடுச்சு மேடம், மாத்த முடியாது." மறுநாள்: "டெக்னிக்கல் மேனேஜர் லீவுல இருக்கார்." அதற்கடுத்து: "நீங்க குடுத்த சாம்பிளுக்கு மட்டும்தான் ரிப்போர்ட் பொருந்தும்னு கீழயே போட்டிருக்கோமே." மிச்ச சாம்பிளில் திரும்பச் செய்யுங்கள் என்றால், சாம்பிள் தீர்ந்துவிட்டதாம். கால் லிட்டர் கொடுத்திருந்தேன். இந்தச் சோதனைக்கு வேண்டியது கால் கிராம்கூட இல்லை.

மூன்றாவது தடவை நேரில் போய் உட்கார்ந்துவிட்டேன். ரிப்போர்ட் வேண்டாம், டைட்ரேஷன் எழுதின தாளைக் காட்டுங்கள் என்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, பாவம், அங்கே வேலை செய்யும் ஒரு பெண் கொண்டுவந்து காட்டினாள். நாலே எண்கள். எடை 0.812 கிராம். பிளாங்க் 49.6 மில்லி. சாம்பிள் 2.4 மில்லி. தயோசல்பேட் 0.1 நார்மல்.

2.4ஐப் பார்த்த உடனே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்று சொல்லாமல் போனால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

எண்ணெயின் மூலக்கூறுகளில் கார்பனுக்கும் கார்பனுக்கும் நடுவே இருக்கும் இரட்டைப் பிணைப்புகள் அயோடின், குளோரின் மாதிரியான ஹாலஜனை உறிஞ்சும். அவை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு உறிஞ்சும். எண்ணெய் எவ்வளவு குடித்தது என்று நேராக அளக்க முடியாது. அதனால் தேவைக்கு மேலேயே ஊற்றிவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்ப்போம். எண்ணெயைக் கரைப்பானில் கரைத்து, வைஸ் கரைசல் 25 மில்லி விடுவோம். அது அசிட்டிக் அமிலத்தில் கரைத்த அயோடின் மோனோகுளோரைடு. குடுவையை மூடி அரை மணி நேரம் இருட்டில் வைப்போம். பிறகு பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால், எண்ணெய் தொடாமல் விட்ட மிச்சம் முழுக்க அயோடினாக மாறி நிற்கும். அந்த அயோடின் தீரும் வரை தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மில்லி ஆனது என்று அளப்போம். அதுதான் டைட்ரேஷன். எண்ணெயே போடாத இன்னொரு குடுவைதான் பிளாங்க். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ணெய் குடித்தது.

`IV = 12.69 × N × (B − S) ÷ W`

IV அயோடின் வேல்யூ, N தயோசல்பேட்டின் நார்மாலிட்டி, அதாவது அந்த 0.1, B பிளாங்க், S சாம்பிள், W எடை. அவர்கள் எண்களைப் போட்டால் 73.8 சரியாகவே வருகிறது. கூட்டல் கழித்தலில் குற்றமில்லை.

குற்றம் எடையில். வைஸ் சோதனையில் ஊற்றினதில் ஏறக்குறைய பாதியாவது கடைசியில் மிஞ்ச வேண்டும். அப்போதுதான் எல்லா இரட்டைப் பிணைப்பும் நிரம்பியது என்று நம்பலாம். கடலெண்ணெய் என்றால் அதற்கு 0.2 கிராம்தான் எடுப்பது வழக்கம். இவர்கள் எடுத்தது 0.812. நாலு மடங்கு. குடுவையில் இருந்த ஹாலஜன் மொத்தமே 49.6 மில்லிக்குச் சமம். என் எண்ணெய்க்கு 59 மில்லிக்கு மேல் வேண்டும். நாலு பேர் சாப்பாட்டைப் பந்தியில் பதினாறு பேருக்கு வைத்துவிட்டு, ஆளுக்குக் கொஞ்சம்தான் சாப்பிட்டார்கள், பசியே இல்லை போல என்று எழுதுகிற கதை.

இன்னும் வேடிக்கை, அந்த எடையில் 49.6 மில்லியும் தீர்ந்து சாம்பிள் பூஜ்யமாகவே வந்தாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பு 77.5. அதாவது உலகத்தில் எந்தக் கடலெண்ணெயைக் கொடுத்திருந்தாலும் அந்தக் குடுவையில் 85ஐத் தொட்டிருக்கவே முடியாது. என் எண்ணெய் தோற்றது தராசுத் தட்டில்.

இது கண்ணுக்கே தெரிந்திருக்கும். இருட்டிலிருந்து எடுக்கும்போது சாம்பிள் குடுவையும் நல்ல பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தால் அதைக் கொட்டிவிட்டு எண்ணெயைக் குறைத்துத் திரும்பச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகள் வெளுத்ததைப் பார்த்துவிட்டு 2.4 என்று எழுதி, அடுத்த குடுவைக்குப் போயிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு எண்ணெய் போட்டீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "எங்களுக்கு நிறைய தேங்கா எண்ணெய்தான் வரும் மேடம். எல்லாத்துக்கும் இதே வெயிட்தான் போடுவோம்." அங்கேதான் விஷயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்க்கு மதிப்பே 8, 9தான். அதற்கு ஒரு கிராம் போட்டாலும் ஆறு, ஏழு மில்லிதான் குடிக்கும், மிச்சம் தாராளம். அதனால் வருஷக்கணக்கில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. என்னிடமிருந்து 43,000 ரூபாய் எடுத்துக் கண்டுபிடித்தார்கள்.

மேனேஜர் கடைசியில் வந்தார். லீவு போலத் தெரியவில்லை. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது முறைப்படி செஞ்சதுதான், சந்தேகம்னா புதுசா கட்டணம் கட்டி வேற சாம்பிள் குடுங்க" என்றார். இன்னொரு 2,950!

நான் என்னுடைய பழைய கல்லூரி மேடத்திடம் போனேன். வீட்டில் ஒரு பாட்டில் எடுத்து வைத்திருந்தேன், அதே டின் எண்ணெய். மேடம் 0.198 கிராம் எடுத்தார். பிளாங்க் 49.8, சாம்பிள் 35.3. கணக்குப் போட்டால் 92.9. திரும்பவும் 0.211 கிராம் எடுத்துச் செய்தார், 92.6. கடைசிக் கட்டத்தில் என்னையே பியூரெட்டைப் பிடிக்கச் சொன்னார். வெளிர் மஞ்சளாக வந்ததும் ஸ்டார்ச் விட்டோம், கருநீலம். ஒரு சொட்டில் நீலம் போனது. "மூடியைப் போட்டுக் குலுக்குடி" என்றார். குலுக்கினால் மேலே நின்ற கரைப்பானில் ஒளிந்திருந்த அயோடின் கீழே இறங்கி நீலம் திரும்ப வந்தது. இன்னும் மூணு சொட்டு. அந்த மூணு சொட்டுக்கு அவர் பட்ட கவலையில் கால்வாசி அந்தக் கூடத்தில் பட்டிருந்தால் என் 43,000 ரூபாய் என்னிடம் இருந்திருக்கும்.

கடைக்காரருக்கு இதை அனுப்பினேன். "சரிம்மா, அடுத்த தடவை பாக்கலாம்." வேறு இடத்தில் வாங்கிவிட்டாராம். இன்னொன்றையும் அவரிடம் சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டேன். இந்த எண் ஒரு சராசரிதான். 58 இருக்கும் பாமாயிலையும் 130 சொச்சம் இருக்கும் சூரியகாந்தி எண்ணெயையும் பாதிப் பாதி கலந்தால் 94 வரும். ஒரு சொட்டுக் கடலெண்ணெய் இல்லாமலே அந்த எண்ணெய் அவர் கடையில் பாஸ் ஆகிவிடும்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், செக்குக்கு ஆள் வந்துவிட்டார். அவசரமாகச் சொல்கிறேன். ரிப்போர்ட்டோடு எடை, பிளாங்க், சாம்பிள் மூன்றையும் எழுதித் தருவீர்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சாம்பிள் மில்லி, பிளாங்க்கில் பாதிக்கு ரொம்பக் கீழே இருந்தால் அந்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஒரே ஒரு தடவை செய்த முடிவை வாங்காதீர்கள். அதே டின்னிலிருந்து ஒரு பாட்டில் சீல் வைத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் கைக்கு வராமல் லாரி ஏற்றாதீர்கள்.

திங்கட்கிழமை மேடத்தின் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி அந்த மேனேஜரிடம் போகிறேன். 2,950ஐயாவது திருப்பித் தருகிறாரா பார்க்கிறேன்.