பில்டர் கொடுத்த புக்கிங் பட்டியலை நம்பாதீர்கள்: 18 வீடுகளை வைத்து எங்களிடம் சொன்ன பொய்

அடுக்குமாடி கட்டும் நிறுவனங்களைத் தணிக்கை செய்பவர்களும், கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டிவருபவர்களும் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் தணிக்கை செய்த ஒரு பில்டர் எழுத்துமூலமாகவே எங்களிடம் பொய் சொன்னார். இதே வேலையை வேறு இடத்திலும் செய்வார்கள்.

மொத்தம் 120 வீடுகள். ஆண்டு முடிவில் 72 வீடுகள் விற்றுவிட்டதாகப் பட்டியல் கொடுத்தார்கள். அதாவது சரியாக 60 சதவீதம். அடுத்த தவணைக் கடனை விடுவிக்க வங்கி போட்டிருந்த நிபந்தனையும் அதே 60 சதவீதம்தான். அந்த 72-ல் 18 வீடுகள் கடைசி மாதத்தில், அதுவும் அடுத்தடுத்த எண்களில் புக் ஆகியிருந்தன.

ஒரு வீட்டின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். செலவின்படி பார்த்தால் கட்டட வேலை 40 சதவீதம் முடிந்திருந்தது. வேலை நடக்க நடக்க வருவாய் காட்டும் முறை என்பதால், ஒப்பந்தம் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் 40 வருவாயாக ஏறிவிடும். ஆக அந்த 18 வீடுகளால் மட்டும் 720 ஏறியது. கைக்கு வந்ததோ வீட்டுக்கு 10 வீதம் 180 தான். மீதி 540, இன்னும் பில் போடாத ‘ஒப்பந்தச் சொத்து’ என்று இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் பணத்தைச் சுற்றிவிட்டாலே அதைப்போல நான்கு மடங்கு வருவாய் காட்டிவிடலாம். இந்த முறையில் இருக்கும் பெரிய ஆபத்தே இதுதான்.

சந்தேகமும் அந்த 540-ல்தான் தொடங்கியது. மற்ற 54 பேரும் ஒவ்வொரு தளம் போடும்போதும் தவணை கட்டி, சராசரியாக 38 வரை கொடுத்திருந்தார்கள். அவர்களுடைய பாக்கி எல்லாம் சேர்த்தாலே 108 தான். இந்த 18 பேருக்கோ தவணை கேட்டு ஒரு கடிதம்கூடப் போகவில்லை. ஒருவர்கூட வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கவில்லை. இவ்வளவு பெரிய தொகையை மொத்தமாகக் கையிலிருந்து போடுகிறவர்கள் உண்டுதான், ஆனால் பதினெட்டுப் பேரும் அப்படியா?

வீடு வாங்கியது உண்மைதானா என்று கேட்டு, வாங்கியவர்களுக்கு நாங்களே நேரடியாக உறுதிக் கடிதம் அனுப்பினோம். சில கடிதங்கள், முகவரி தவறு என்று திரும்பி வந்தன. உடனே விற்பனை மேலாளர், “நீங்க ஏன் சார் அலையணும், நானே கையெழுத்து வாங்கித் தர்றேன்” என்று சொல்லி, மறுநாளே 18 பதில்களையும் ஒரே கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். நிறுவனத்தின் கை வழியாக வரும் பதில் சான்றே ஆகாது. சர்வதேசத் தணிக்கைத் தரம் 505 உறுதிக் கடிதங்களைத் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான். பட்டியலில் இருந்த ஒருவரிடம் போனில் கேட்டபோது, “நான் எந்த வீடும் வாங்கலைங்க, கான்ட்ராக்டர் ஆபீஸ்ல கையெழுத்து கேட்டாங்க, போட்டேன்” என்றார்.

அப்புறம் வங்கிக் கணக்கு அறிக்கையை நிறுவனத்திடம் கேட்காமல் வங்கியிடமிருந்தே வாங்கினோம். அந்த 18 பேரின் முதல் முன்பணம் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, வேலை தொடங்கும் முன்பணம் என்று அதே கான்ட்ராக்டருக்கு 180 போயிருந்தது. அது எந்தப் பணம் தெரியுமா? 54 குடும்பங்கள் கட்டிய தவணை. அவர்கள் வீட்டுக்குக் கம்பியும் சிமென்டும் வாங்க வேண்டிய பணம் அது. அதை வைத்துப் பொய்யான ஆட்களை உருவாக்கினார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கொதிக்கிறது.

கடைசியாக, விற்பனைக் கோப்புக்குள் ஒரு தனிக் கடிதம் கிடைத்தது. வீட்டை ஒப்படைக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், கட்டிய பணம் முழுவதும் வட்டியோடு திரும்பக் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. இப்படி ஒரு கடிதம் இருந்தால், வாங்கியவர் நிஜமான ஆளாகவே இருந்தாலும் வேலை நடக்க நடக்க வருவாய் காட்ட முடியாது. அப்படிக் காட்டுவதற்கு, வருவாய் பற்றிய சர்வதேசக் கணக்குத் தரமான ஐஎஃப்ஆர்எஸ் 15-இன் 35-ஆம் பத்தி சொல்லும் நிபந்தனைகளில் பில்டர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது மூன்றாவதை. அதன்படி அந்த வீட்டை வேறு யாருக்கும் திருப்பிவிட முடியாததாக இருக்க வேண்டும். அதுவரை முடித்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வாங்கும் சட்ட உரிமையும் ஒப்பந்தக் காலம் முழுக்க இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை எங்கே இருக்கிறது? வாங்கிய முன்பணம் ஒப்படைக்கும் நாள்வரை கடன் பொறுப்பாகவே நிற்க வேண்டும்.

இதையெல்லாம் முன்னால் வைத்தபோது உரிமையாளர், “ஒப்பந்தம் இருக்கு, பணம் வந்திருக்கு, அதுக்கு மேல என்ன வேணும்?” என்று கேட்டார். 720-ஐ வருவாயிலிருந்து நீக்க மறுத்தார். நாங்கள் காரணங்களை எழுத்தில் கொடுத்துவிட்டு விலகினோம். எங்கள் கட்டணம் இன்னும் வரவில்லை.

இப்படிப்பட்ட கணக்கு உங்கள் மேசைக்கு வந்தால், ஒப்பந்தச் சொத்தை வீடு வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். ஆண்டு முடிந்த பிறகு ரத்தான புக்கிங்குகளையும் பாருங்கள். திரும்பிப் போன பணம் யார் கணக்கில் விழுந்தது என்பதைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் வீடு வாங்கியவர் என்றால், உங்கள் தவணை அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில்தான் இருக்கிறதா, அதிலிருந்து யாருக்கு முன்பணம் போகிறது என்று எழுதிக் கேளுங்கள்.